கணக்கில் பணம் இருக்கிறது, எடுக்க முடியவில்லை: லியன் போட்டது யார், எடுப்பது யார்?

வங்கிச் செயலியைத் திறந்தால் இருப்பு 62,300 என்று காட்டுகிறது. பத்தாயிரம் எடுக்கப் போனால் போதிய பணம் இல்லை என்று இயந்திரம் சொல்கிறது. பெரும்பாலானவர்கள் இதை முதலில் இயந்திரக் கோளாறு என்றுதான் நினைப்பார்கள். இன்னொரு ஏ.டி.எம்மைத் தேடிப் போவார்கள், கார்டைத் துடைத்துப் பார்ப்பார்கள். கோளாறு எதுவும் இல்லை. அந்த 62,300-இல் ஒரு பகுதியின் மீது யாரோ கை வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். வங்கி வழக்கில் இதற்கு லியன் என்று பெயர். சில இடங்களில் ஹோல்டு என்பார்கள்.

லியன் போட்டால் பணம் கணக்கை விட்டுப் போவதில்லை. அது உங்கள் பெயரிலேயே இருக்கும். வட்டி வரும் கணக்காக இருந்தால் பொதுவாக அந்தத் தொகைக்கும் வட்டி சேரும். எடுக்கவும் அனுப்பவும் மட்டும் முடியாது. ஸ்டேட்மென்ட்டில் பற்று வரி எதுவும் விழாததால், அதை வரி வரியாகப் படித்தாலும் பணம் எங்கே போனது என்று தெரியாது. குழப்பம் தொடங்குவது அங்கேதான்.

முதலில் எண்களைப் பிரித்துப் பாருங்கள்

ஒரு கணக்குக்கு எப்போதும் இரண்டு இருப்புகள் உண்டு. ஒன்று வங்கிப் பேரேட்டில் உள்ள மொத்த இருப்பு. மற்றது இந்த நிமிடம் நீங்கள் எடுக்கக்கூடிய இருப்பு. செயலியின் முகப்பில் எது தெரியும் என்பது வங்கிக்கு வங்கி மாறும். கணக்கைத் தொட்டு விவரப் பக்கத்துக்குள் போனால் Available Balance, Lien Amount அல்லது Hold என்று தனித்தனி வரிகள் இருக்கும். அங்கே பார்க்க வேண்டிய கணக்கு இதுதான்:

```
எடுக்கக்கூடியது = மொத்த இருப்பு
               − லியன் தொகை
               − இன்னும் தீர்வாகாத காசோலைகள்
               + ஓவர்டிராஃப்ட் வரம்பு (இருந்தால்)
```

காசோலை போட்டு இரண்டு நாள்தான் ஆகிறது என்றால் அது லியன் அல்ல. தீர்வானதும் தானாக விடுபடும். கார்டைத் தேய்த்து ஓட்டல் முன்பணம் கட்டியது போன்றவையும் சில நாளில் தானாகப் போய்விடும். கவனிக்க வேண்டியது, தானாகப் போகாத லியனைத்தான்.

இன்னொன்றையும் பிரித்துப் பார்த்துக்கொள்ளுங்கள். குறிப்பிட்ட தொகை மட்டும் நிறுத்தப்பட்டிருக்கிறதா, முழுக் கணக்குமே முடக்கப்பட்டிருக்கிறதா? லியன் என்றால் மீதித் தொகையைத் தாராளமாகப் பயன்படுத்தலாம். முடக்கம் என்றால் ஒரு ரூபாய்கூட வெளியே போகாது, சில சமயம் உள்ளே வரவும் செய்யாது. மீதித் தொகைக்குள் அடங்கும் ஒரு சிறு தொகையை உங்களுடைய இன்னொரு கணக்குக்கு அனுப்பிப் பாருங்கள். போனால் லியன், அதுவும் போகவில்லையென்றால் பெரும்பாலும் முடக்கம்.

போட்டது யார் என்று கேளுங்கள்

இந்த விஷயத்தில் எல்லாம் இந்த ஒரு கேள்வியில்தான் நிற்கிறது. புதியவர்கள் கிளைக்குப் போய் “என் பணம் எப்போது கிடைக்கும்?” என்று கேட்பார்கள். கவுன்டரில் இருப்பவருக்கு அது தெரியாது. “இந்த லியனைப் போட்டது யார்?” என்று கேட்டால் அவர் திரையைப் பார்த்துச் சொல்லிவிடலாம். வங்கி தன் பாக்கிக்காகப் போட்டதை வங்கியே எடுக்கும். நீதிமன்றமோ காவல்துறையோ வரித்துறையோ சொல்லிப் போட்டதை, அவர்கள் சொல்லாமல் வங்கி எடுக்க முடியாது. கிளை மேலாளர் உங்களுக்கு எவ்வளவு வேண்டியவராக இருந்தாலும் முடியாது. உத்தரவை மீறினால் அந்தத் தொகைக்கு வங்கி பொறுப்பேற்க வேண்டியிருக்கும்.

வாடிக்கையாளர் சேவை எண்ணை அழைத்தால் “லியன் இருக்கிறது” என்பதற்கு மேல் பெரும்பாலும் எதுவும் கிடைக்காது. கிளைக்கு நேரில் போங்கள், அல்லது எழுத்தில் கேளுங்கள். ஒவ்வொரு லியனும் வங்கியின் கணினியில் தனிப் பதிவாகத்தான் இருக்கும். ஒரு கணக்கில் இரண்டு மூன்றுகூட இருக்கலாம், செயலி அவற்றைக் கூட்டி ஒரே தொகையாகக் காட்டும். பதிவு ஒவ்வொன்றுக்கும் தொகை, போட்ட தேதி, காரணம், ரெஃபரன்ஸ் எண், காலாவதித் தேதி இருந்தால் அது என்று எல்லாம் கேட்டு வாங்குங்கள். கடிதம் இப்படி இருந்தால் போதும்:

“என் கணக்கில் லியன் போடப்பட்டுள்ளது. ஒவ்வொரு லியனுக்கும் தொகை, தேதி, காரணம், ரெஃபரன்ஸ் எண் ஆகியவற்றைத் தெரிவிக்கவும். வெளி அமைப்பின் உத்தரவின் பேரில் போடப்பட்டிருந்தால், அந்த அமைப்பின் பெயர், வழக்கு அல்லது புகார் எண், உத்தரவுத் தேதி ஆகியவற்றையும், கொடுக்க முடிந்தால் உத்தரவின் நகலையும் தரவும்.”

இதற்குப் பெற்றுக்கொண்ட முத்திரையோ பதில் மின்னஞ்சலோ அவசியம் வாங்கிக்கொள்ளுங்கள். விஷயம் நீண்டால் முதலில் தேவைப்படும் தாள் இதுதான்.

ஒரு கணக்கை எடுத்துப் பார்ப்போம்

மேலே சொன்ன 62,300 கணக்கையே எடுத்துக்கொள்வோம். கணக்குக்குச் சொந்தக்காரர் மாதச் சம்பளம் வாங்கும் ஒரு பெண் என்று வைத்துக்கொள்ளுங்கள். விவரப் பக்கத்தில் லியன் 58,000, எடுக்கக்கூடியது 4,300. கிளையில் கேட்டபோது அது இரண்டு பதிவு என்று தெரிகிறது. ஒன்று 18,000. அதே வங்கியில் வாங்கிய தனிநபர் கடனில் இரண்டு தவணை நிற்கிறது, தவணைக்கு 9,000. இன்னொன்று 40,000. அதன் காரணப் பகுதியில் காவல்துறையின் ஒரு புகார் எண் இருக்கிறது.

முதலில் 18,000-ஐப் பார்ப்போம். வாங்கிய கடனின் ஒப்பந்தத்தில், தவணை தவறினால் உங்கள் மற்ற கணக்குகளில் உள்ள பணத்தை நிறுத்தி வைக்கவும் எடுத்துக்கொள்ளவும் வங்கிக்கு உரிமை உண்டு என்று பெரும்பாலும் ஒரு பத்தி இருக்கும். யாரும் படிப்பதில்லை, நானும் குறை சொல்லமாட்டேன், அவ்வளவு பொடி எழுத்து. ஆனால் கையெழுத்து இருக்கிறது. இங்கே இரண்டு வழி உண்டு. வெளியிலிருந்து பணம் புரட்டித் தவணையைக் கட்டலாம். அல்லது நிறுத்தி வைத்ததையே எடுத்துக்கொள்ளும்படி வங்கியிடம் எழுதிக் கொடுக்கலாம். தாமதக் கட்டணம் இருந்தால் அது தனியாக வரும்.

இந்த இரண்டு வழியிலும் எண்கள் எப்படி நகர வேண்டும் என்பதைத் தெரிந்துகொண்டால் தவறு நடந்ததா என்று நீங்களே கண்டுபிடித்துவிடலாம். வெளியிலிருந்து கட்டினால் மொத்த இருப்பு 62,300 அப்படியே இருக்கும். லியன் 40,000 ஆகக் குறையும். எடுக்கக்கூடியது 22,300 ஆகும். நிறுத்தியதையே வங்கி எடுத்துக்கொண்டால் மொத்தம் 44,300, லியன் 40,000. எடுக்கக்கூடியது பழைய 4,300-லேயே நிற்கும். அது மாறாமல் இருப்பதுதான் சரி. ஏற்கெனவே ஒதுக்கி வைத்த பணம்தானே போயிருக்கிறது?

அடிக்கடி நடக்கும் பிழை என்னவென்றால், பணத்தை எடுத்துவிட்டு லியனை எடுக்க மறந்துவிடுவார்கள். அப்போது மொத்தம் 44,300, லியன் இன்னும் 58,000, எடுக்கக்கூடியது மைனஸ் 13,700. அதாவது ஒரே பாக்கிக்கு இரண்டு முறை கழித்திருக்கிறார்கள். பணத்தை எடுப்பது ஒரு பதிவு, லியனை நீக்குவது இன்னொரு பதிவு. இரண்டும் தானாக இணைந்திருக்காத இடங்களில் இது நடக்கும். ஸ்டேட்மென்ட்டில் 18,000 பற்றான வரியையும் லியன் விவரத்தையும் சேர்த்துக் காட்டினால் கிளையிலேயே சரிசெய்து கொடுப்பார்கள். இதற்காகச் சண்டை போட வேண்டியதில்லை. காட்டினால் போதும்.

உத்தரவின் பேரில் போட்டது

40,000 வேறு கதை. அந்தப் பெண் பழைய மடிக்கணினி ஒன்றை முன்பின் தெரியாத ஒருவருக்கு விற்றிருக்கிறார். வாங்கியவர் 40,000 அனுப்பியிருக்கிறார். அந்தப் பணம் வேறு யாரையோ ஏமாற்றிப் பறித்தது. பறிகொடுத்தவர் புகார் கொடுத்ததும், பணம் எந்தெந்தக் கணக்கு வழியாகப் போனதோ அங்கெல்லாம் அந்தத் தொகையை நிறுத்தச் சொல்லி உத்தரவு போகிறது. இவர் மீது யாரும் குற்றம் சாட்டவில்லை. ஆனாலும் சர்ச்சைக்குரிய பணம் வந்து சேர்ந்த கணக்கு இவருடையது.

இங்கே வங்கியிடம் நியாயம் பேசிப் பயனில்லை. வங்கிக்குத் தெரிந்தது உத்தரவு எண்ணும் தொகையும் மட்டும். பேச வேண்டிய இடம் உத்தரவு போட்ட அலுவலகம். அங்கே காட்ட வேண்டியது ஒன்றுதான்: அந்தப் பணம் எதற்காக வந்தது என்பது. விற்ற பொருளின் பில், விளம்பரம், வாங்கியவரோடு பேசிய செய்திகள், பொருளை ஒப்படைத்ததற்கான ஆதாரம், பணம் வந்த நாளின் ஸ்டேட்மென்ட் எல்லாவற்றையும் தேதி வரிசையில் அடுக்கி, மேலே ஒரு பக்கத்தில் நடந்ததைச் சுருக்கி எழுதிக் கொடுங்கள். செய்திகளை ஸ்கிரீன்ஷாட்டாக மட்டும் எடுத்துவிட்டு உரையாடலை அழித்துவிடாதீர்கள். அசலைக் காட்டச் சொல்லிக் கேட்கலாம்.

அவர்கள் ஒப்புக்கொண்டாலும் வேலை முடியவில்லை. விடுவிப்புக் கடிதத்தை நீங்கள் கையில் கொண்டுபோய்க் கொடுத்தால் பெரும்பாலும் வங்கி அதை மட்டும் நம்பிச் செயல்படாது. உத்தரவு வந்த அதே அதிகாரபூர்வ வழியில் விடுவிப்பும் வர வேண்டும், அல்லது வங்கி அந்த அலுவலகத்திடம் கேட்டு உறுதி செய்துகொள்ள வேண்டும். அதுவும் பெரும்பாலும் கிளைக்கு வராது, தலைமை அலுவலகத்தின் சட்டப் பிரிவுக்குப் போகும். இந்த இடைவெளியில்தான் நாட்கள் வீணாகின்றன. அலுவலகம் அனுப்பிவிட்டோம் என்கிறது, கிளை வரவில்லை என்கிறது, இரண்டும் உண்மையாக இருக்கும். விடுவிப்பு அனுப்பப்பட்ட தேதி, எண், எந்த முகவரிக்குப் போனது என்ற மூன்றையும் கேட்டு வாங்கிக் கிளையில் கொடுத்தால் அவர்கள் உள்ளே தேடிப் பிடிக்க முடியும்.

சர்ச்சை 40,000-க்கு மட்டும் இருக்க, கணக்கு முழுவதும் முடக்கப்பட்டிருந்தால், முடக்கத்தை அந்தத் தொகை அளவுக்குச் சுருக்கும்படி அதே அலுவலகத்தில் மனு கொடுக்கலாம். மறுத்தால் நீதிமன்றத்தை அணுக வேண்டியிருக்கும். அந்தக் கட்டத்தில் வழக்கறிஞர் தேவை.

அடுத்த மாதச் சம்பளம் என்னவாகும்?

பலரைத் தூங்கவிடாமல் செய்யும் கேள்வி இது. விடை, லியனின் தொகை இருப்பைவிடச் சிறியதா பெரியதா என்பதைப் பொறுத்தது.

நம் உதாரணத்தில் லியன் 58,000, இருப்பு 62,300. தேவையான பணம் முழுவதும் ஏற்கெனவே நிறுத்தப்பட்டுவிட்டது. இனி 45,000 சம்பளம் வந்தால் அதை லியன் தொடாது. எடுக்கக்கூடியது 4,300-லிருந்து 49,300 ஆகும். அதுவே இருப்பு 20,000 ஆக இருக்கும்போது 58,000 லியன் போட்டிருந்தால், எடுக்கக்கூடியது மைனஸ் 38,000. சம்பளம் 45,000 வந்ததும் அதில் 38,000-ஐ அந்தப் பள்ளம் விழுங்கிவிடும். கையில் நிற்பது 7,000. செயலியில் மைனஸ் தெரிந்தால் கடன்பட்டுவிட்டோமோ என்று பதற வேண்டாம். இன்னும் எவ்வளவு வந்தால் லியன் நிரம்பும் என்பதைத்தான் அந்த எண் காட்டுகிறது.

இது கணினி செய்யும் வேலை. சட்டம் அதையே சொல்கிறதா என்பது தனிக் கேள்வி. ஆங்கிலேயச் சட்ட மரபில், கடன் கொடுத்தவர் நீதிமன்றத்தில் வாங்கும் சாதாரணப் பற்றுகை உத்தரவு, அது வங்கியின் கைக்கு வந்த நேரத்தில் கணக்கில் இருந்த பணத்தைத்தான் பிடிக்கும், பின்னால் வரும் பணத்தைப் பிடிக்காது. இந்திய வருமான வரித்துறையின் நோட்டீஸ் அப்படியல்ல. பின்னால் வரும் பணத்துக்கும் அது பொருந்தும். ஆகவே உத்தரவின் நகல் கிடைத்தால், எந்தச் சட்டப் பிரிவின் கீழ், எவ்வளவு தொகைக்கு, எந்தத் தேதி வரையிலான பணத்துக்கு என்ற வரிகளை முதலில் தேடுங்கள். பழைய இருப்புக்கான உத்தரவை வைத்துக்கொண்டு புதுச் சம்பளத்தையும் பிடித்திருந்தால் அதைக் கேள்வி கேட்கலாம்.

வாழ்வாதாரப் பணத்துக்குப் பல நாடுகளில் பாதுகாப்பும் உண்டு. அமெரிக்காவில் கூட்டரசு ஓய்வூதியம் போன்ற உதவித்தொகை கணக்கில் நேரடியாக வந்திருந்தால், பற்றுகை உத்தரவு வரும்போது கடந்த இரண்டு மாதத்தில் வந்த தொகை அளவுக்கு வங்கி கைவைக்காமல் விட வேண்டும். ஜெர்மனியில் 2010 முதல் சாதாரணக் கணக்கைப் பாதுகாக்கப்பட்ட கணக்காக மாற்றிக் கேட்கலாம். மாதம் ஒரு குறிப்பிட்ட தொகை வரை அதில் யாரும் பிடிக்க முடியாது. ஜெர்மனியில் நீங்கள் கேட்டால்தான் மாற்றித் தருவார்கள். உங்கள் ஊரில் இப்படி ஏதாவது இருக்கிறதா என்று உத்தரவு போட்ட நீதிமன்றத்திலோ இலவசச் சட்ட உதவி மையத்திலோ விசாரியுங்கள்.

சம்பளத்தை வேறு கணக்குக்கு மாற்றிவிடலாமா? வங்கி தன் தவணைக்காகப் போட்ட லியன் மட்டும்தான் என்றால் மாற்றிக்கொள்ளலாம். ஆனால் தவணை தானாகப் போக வேண்டிய கணக்கு இதுவென்றால், மாற்றிய பிறகு அடுத்த தவணையும் நிற்கும், கட்டணம் ஏறும். நீதிமன்றமோ வரித்துறையோ உத்தரவு போட்டிருந்தால் வழக்கறிஞரைக் கேட்காமல் எதையும் நகர்த்தாதீர்கள். உத்தரவு ஒரு கணக்குக்கா, உங்களுடைய எல்லாப் பணத்துக்குமா என்பது அதன் வாசகத்தில்தான் இருக்கும். எந்த லியனாக இருந்தாலும் உடனே செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. இந்தக் கணக்கிலிருந்து தானாகப் போகும் காப்பீட்டுப் பிரீமியம், மின்கட்டணம், வேறு கடன் தவணைகளைப் பட்டியலிட்டு, வரப்போகும் தேதிக்கு முன்பே கையால் கட்டிவிடுங்கள். கொடுத்திருக்கும் காசோலைகளையும் நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். மொத்த இருப்பில் பணம் இருந்தாலும், எடுக்கக்கூடிய இருப்பில் இல்லையென்றால் காசோலை திரும்பிவிடும்.

டெபாசிட் மீது போட்ட லியன்

இது நீங்களே கேட்டுப் போட்டது. நிலையான வைப்பை ஈடாக வைத்துக் கடன் வாங்கும்போது அந்த வைப்பின் மீது லியன் விழும். கடன் முடியும் வரை வைப்பை உடைக்க முடியாது. 2,00,000 வைப்பில் 1,50,000 கடன் வாங்கி ஒரு லட்சத்தைத் திருப்பிக் கட்டிவிட்டாலும், லியன் பல இடங்களில் 50,000 ஆகத் தானாகக் குறையாது, பழைய தொகையிலேயே நிற்கும். வேண்டுமென்றால் எழுதிக் கேட்டுத்தான் குறைக்க வேண்டும். அடுத்தவர் கடனுக்கு உங்கள் வைப்பை ஈடாகக் கொடுத்திருந்தால், அவர் கடைசித் தவணையைக் கட்டிவிட்டேன் என்று சொல்வதை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். வைப்பின் விவரப் பக்கத்தைத் திறந்து லியன் தொகையைப் பாருங்கள்.

கடன் முடிந்ததும் நிலுவையில்லாச் சான்று கொடுப்பார்கள். அது கடன் பிரிவு கொடுக்கும் தாள். லியனை எடுப்பது வைப்புக் கணக்கில் செய்யும் வேலை. சான்று கையில் இருந்தும் லியன் மாதக்கணக்கில் நிற்பதுண்டு. வைப்பு முதிர்ந்து பணம் வராதபோதுதான் பலருக்கு அது தெரியவரும். அதனால் சான்று வாங்கும் அன்றே, அதே மேசையில், லியனை நீக்கும்படி ஒரு வரி எழுதிக் கொடுத்துவிட்டு வாருங்கள்.

நீக்கித் தருகிறேன் என்று வருபவர்கள்

லியனை நீக்க வழி என்று இணையத்தில் தேடினால் சேவை எண்கள் என்ற பெயரில் பல எண்கள் வரும். அவற்றில் மோசடி எண்களும் உண்டு. “லியனை எடுக்க ஐயாயிரம் கட்டுங்கள்”, “வந்திருக்கும் ஓ.டி.பி.யைச் சொல்லுங்கள்”, “இந்தச் செயலியை நிறுவுங்கள்” என்று கேட்பவர் வங்கியைச் சேர்ந்தவர் அல்லர். பாக்கியைக் கட்டுவதாக இருந்தால் கடன் கணக்கிலேயே கட்டுவீர்கள், தனிநபர் ஒருவருக்கு அனுப்பமாட்டீர்கள். எண்ணைக் கார்டின் பின்புறமோ பாஸ்புக்கிலோ பார்த்து அழையுங்கள்.

கிளை நகராதபோது

வங்கி தானே போட்ட லியனை, காரணம் தீர்ந்த பிறகும் எடுக்காமல் இருந்தால், முதல் கடிதத்தின் நகல், பணம் கட்டிய ரசீது, இன்றைய லியன் விவரத்தின் படம் மூன்றையும் இணைத்து வங்கியின் குறைதீர்ப்புப் பிரிவுக்கு எழுதுங்கள். புகார் எண் கிடைக்கும். அவர்களும் தீர்க்கவில்லையென்றால், அல்லது உரிய காலத்துக்குள் பதில் தரவில்லையென்றால், அந்த எண்ணோடு நாட்டின் வங்கிக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். நேராக அங்கே போனால் பொதுவாக முதலில் வங்கியிடம் கேட்டீர்களா என்று திருப்பி அனுப்புவார்கள். உத்தரவின் பேரில் போட்ட லியனுக்கு இந்த வழி உதவாது. அங்கே வங்கியின் மீது புகார் சொல்ல முடிவது, விடுவிப்பு வந்து சேர்ந்த பிறகும் தாமதித்தால் மட்டும்தான்.

லியன் நீங்கியதாகச் சொன்ன மறுநாள் விவரப் பக்கத்தைப் பாருங்கள். மொத்த இருப்பும் எடுக்கக்கூடிய இருப்பும் ஒத்துப்போகின்றனவா, லியன் வரி பூச்சியமா என்று சரிபார்த்துப் படம் எடுத்து, விடுவிப்புக் கடிதத்தோடு சேர்த்து வையுங்கள். அதே புகாரின் பேரில் இன்னொரு வங்கியில் உள்ள உங்கள் கணக்கிலும் லியன் விழுந்திருந்தால் அங்கேயும் இந்தத் தாள்கள் தேவைப்படும்.